ஏழு டீ... ஒரு எம்.ஓ.எம்!

இன்டர்ன்ஷிப் போகப்போற மக்களே... லேத், வெல்டிங், வெர்னியர்னு ஏகப்பட்ட கனவோட கம்பெனி கேட்டைத் தாண்டுவீங்க. ரெண்டாவது வாரமே யாராவது ஒரு சார், "தம்பி, அந்த மீட்டிங்குக்கு ஒரு சம்மரி போட்டுக் குடுத்துடு"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போவார். அந்த மீட்டிங் நடந்த ரூம் பக்கம்கூட நீங்க போயிருக்க மாட்டீங்க. யார் யார் வந்தாங்க, என்ன முடிவாச்சு, யாராவது குறிப்பு எடுத்தாங்களா, எழுதினா அதை யார் படிக்கப் போறாங்க... ஊஹூம், ஒண்ணும் தெரியாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள வேணும்!

எனக்கு வந்தது கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில. சொன்னவர் குவாலிட்டி மேனேஜர். "திங்கள்கிழமை நடந்துச்சே... அந்த இம்பெல்லர் மேட்டர்." இவ்வளவுதான் தகவல். சொல்லிட்டு வெளியூர் ஆடிட்டுக்குக் கார் ஏறிட்டார். ரெண்டு நாளைக்குப் போனை எடுக்க மாட்டார்னு மத்தவங்க சொன்னாங்க.

கார் கதவை மூடறதுக்குள்ள ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் கிடைச்சது. நீங்களா இருந்தா என்ன கேட்டிருப்பீங்க? 'என்ன முடிவு சார்?'னு கேட்கத்தான் நாக்கு துடிக்கும். நான் கேட்டது, "இது யாருக்கு சார் போகணும்?" "பர்ச்சேஸுக்கு. அவங்கதான் கேக்கறாங்க"ன்னார். இந்த ரெண்டு வார்த்தையில பாதி வேலை முடிஞ்சது பாஸ். மத்த மூணையும் கம்பெனிக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிச்சுடலாம். படிக்கப் போறது யாருங்கறது மட்டும் கேட்டாத்தான் கிடைக்கும். அது தெரியாம எதைத் தேடறதுன்னே தெரியாது. எம்.டி-க்குன்னா 'பம்ப் அனுப்பறது லேட் ஆகுமா?'ன்னு ஒரு வரி போதும். ஆடிட் ஃபைலுக்குன்னா ரிப்போர்ட் நம்பர், தேதி எல்லாம் வேணும். பர்ச்சேஸ் கேட்டா, அடுத்து காசு விஷயம் ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

நேரா பர்ச்சேஸ் சார்கிட்ட போனேன். "ஃபவுண்டரிக்கு டெபிட் நோட் அடிக்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான்"னார். டெபிட் நோட்னா, 'உங்க சரக்கால எங்களுக்கு இவ்வளவு செலவு, உங்க பில்லுல கழிச்சுக்கறோம்'னு அனுப்பற சீட்டு. அந்த ஃபவுண்டரியோ பதினைஞ்சு, இருபது பேர் வேலை பார்க்கற சின்ன இடம். சம்மரில நான் ஒரு வரியைக் கற்பனையா எழுதினா, அவங்க பில்லுல நிஜமாவே காசு குறையும். பக்கத்து சீட்டு டிரெய்னி, "தரம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டதுன்னு அடிச்சு விடு மச்சி"ன்னு ஐடியா குடுத்தான். அந்த வரியை எந்தக் கம்பெனியோட எந்த மீட்டிங்குக்கு வேணும்னாலும் ஒட்டலாம். பர்ச்சேஸ் சாருக்கு மட்டும் உதவாது!

சரி, நடந்தது என்ன? பேப்பர்ல இருந்து ஆரம்பிச்சேன். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் சுலபமா கிடைச்சது. பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணியைத் தள்ளுதே, அந்த வார்ப்பிரும்புச் சக்கரம்தான் இம்பெல்லர். 240 பீஸ் வந்திருக்கு. எல்லாத்தையும் பார்க்க முடியாதுன்னு ஐ.எஸ். 2500 அட்டவணைப்படி 32 பீஸை எடுத்து அளந்திருக்காங்க. அந்தக் கம்பெனி வெச்சிருக்கற 2.5 ஏ.க்யூ.எல். கணக்குக்கு 32ல ரெண்டு பீஸ் வரைக்கும் மோசமா இருந்தா லாட் பாஸ், மூணு ஆனா ரிஜெக்ட். இங்கே அஞ்சு! வார்க்கும்போது உள்ளே வைக்கற மணல் கோர் நகர்ந்து, ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் மெலிசாவும் வந்திருக்கு. அப்படியே மாட்டினா பம்ப் உதறும். ஆக, சண்டை எதுக்குன்னு யாரையும் கேட்காமலே தெரிஞ்சாச்சு.

யார் யார் இருந்தாங்க? மெயில்ல அழைப்பு எதுவும் போகலை, வாய்வழியாக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா கேட்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட விசிட்டர் ரிஜிஸ்டர் இருக்கே! ஃபவுண்டரிலேர்ந்து ரெண்டு பேர், உள்ளே 10.40, வெளியே 12.15. அடுத்து கேன்டீன். "மேல ரூமுக்கு ஏழு டீ கண்ணு. ஒண்ணு சக்கரை இல்லாம. அந்த டீ மட்டும் குடிக்காமத் திரும்பி வந்துச்சு." ஏழுல ரெண்டு ஃபவுண்டரி. மீதி அஞ்சு பேர் நம்மாளுங்க. மேனேஜர், பர்ச்சேஸ் சார், இன்ஸ்பெக்டர், டிசைன் மேடம். சக்கரை இல்லாத டீ யாருதுன்னு கேட்டா மொத்தக் கம்பெனியும் சொல்லுது... அசெம்பிளி இன்சார்ஜ். லைன்ல ஏதோ பிரச்னைன்னு பாதியிலேயே எழுந்து போயிருக்கார்.

இதை சும்மா துப்பறியும் ஜாலின்னு நினைக்காதீங்க. அந்தக் குடிக்காத டீயாலதான் எனக்கு ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது. எப்படின்னா...

ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பார்த்தேன். முதல்ல டிசைன் மேடம்கிட்ட, "என்ன முடிவாச்சு?"ன்னு கேட்டேன். அவங்க அரை மணி நேரம் டிராயிங் டாலரன்ஸ் பத்திப் பேசினாங்க. முடிவு என்னன்னு கேட்டா, மனுஷங்க தாங்க என்ன சொன்னோம்கறதைத்தான் சொல்லுவாங்க. அதனால கேள்வியை மாத்திட்டேன். "அந்த ரூமை விட்டு வந்ததும் நீங்க செய்ய வேண்டியது என்ன? எப்போ?" இதுக்கு பதில் சின்னதா வரும். இன்ஸ்பெக்டர், "வியாழக்கிழமைக்குள்ள ஒரு கேஜ் ரெடி பண்ணணும், மீதி 208 பீஸையும் அதை வெச்சு ஒண்ணொண்ணா சார்ட்டிங் பண்ணப் போறாங்க"ன்னார். பர்ச்சேஸ் சார், "ஃபவுண்டரி ரெண்டு ஆள் அனுப்பும், அதுவரைக்கும் பில்லை நிறுத்தி வைக்கணும்"னார். ரெண்டும் ஒத்துப்போகுது.

அசெம்பிளி இன்சார்ஜ் மட்டும், "240ஐயும் திருப்பி அனுப்பறதா முடிவாச்சு. நான் அடுத்த வாரப் பிளானையே மாத்திட்டேன்"னு ஒரு குண்டைப் போட்டார். பொய் சொல்லலை, அவர் ரூமை விட்டு எழுந்த நிமிஷம் வரைக்கும் பேச்சு அப்படித்தான் போயிருக்கு. அவர் போன பிறகுதான் 'சார்ட்டிங்'ங்கற வார்த்தையே வந்திருக்கு. இன்ஸ்பெக்டர் மொபைல்ல இருந்த ஒயிட்போர்டு போட்டோவும் அதைத்தான் சொன்னது. மேலே '240 ரிட்டர்ன்'னு எழுதி அடிச்சிருக்கு. கீழே 'சார்ட்டிங் - வெள்ளி'. வருகைப் பட்டியல்னா பேரை மட்டும் எழுதறோமே, யார் எப்போ கிளம்பினாங்கங்கறதுக்கும் அதுல இடம் வேணும்.

இப்போ வில்லங்கமான கேள்வி. சார்ட்டிங் கூலி யாரோடது? பர்ச்சேஸ் சார், "அவங்கதான் குடுக்கணும், இதுல என்ன சந்தேகம்?" இன்ஸ்பெக்டர், "பேசினாங்க தம்பி, ஆனா முடிக்கலை." டிசைன் மேடம், "அப்படி ஒரு பேச்சு வந்ததா?" போட்டோல அதைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லை. மூணு பேர், மூணு பதில்.

எது நியாயம்னு தோணுதோ அதை எழுதிடலாமேன்னு கை துறுதுறுக்கும். என் அளவுகோல் இதுதான். என்ன செய்யணும், யார் செய்யணும், எப்போங்கற மூணும் இருந்தாத்தான் அது முடிவு. ஒண்ணு குறைஞ்சாலும் அது வெறும் பேச்சு. கூலி விஷயத்துல 'யார்'ங்கறதே இல்லை. சார்ட்டிங்ல மூணும் இருக்கு. ஆனா ஃபவுண்டரி பக்கம் இன்னும் கேட்கலை. இன்டர்ன் வெளி ஆளுக்கு நேரா போன் போடறது முறையில்ல, அதனால அதையும் அப்படியே குறிப்பிட்டேன். கடைசியா எழுதினது அரைப் பக்கம். இங்கிலீஷ்ல எழுதினதோட சாரம் இது:

'வரைவு. கூட்டத்தில் இல்லாத ஒருவர் தொகுத்தது. ஆதாரம்: இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், விசிட்டர் ரிஜிஸ்டர், ஒயிட்போர்டு போட்டோ, நான்கு பேரிடம் கேட்டது. வந்தவர்கள் ஏழு பேர். அசெம்பிளி இன்சார்ஜ் பாதியில் கிளம்பினார். முடிவு: லாட் முழுவதையும் திருப்பி அனுப்பவில்லை. மீதி 208 பீஸ் சார்ட்டிங், ஃபவுண்டரியின் இரண்டு ஆட்கள், வெள்ளிக்கிழமை (ஃபவுண்டரி உறுதி செய்ய வேண்டும்). கேஜ்: இன்ஸ்பெக்டர், வியாழன். பில் அதுவரை நிறுத்தம்: பர்ச்சேஸ். முடிவாகாதது: சார்ட்டிங் கூலி யாருடையது. கேட்ட மூவர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். திருத்தம் இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லவும்.'

மேனேஜருக்கு மெயில். நாலு பேருக்கும் காப்பி. ஃபவுண்டரிக்கு பர்ச்சேஸ் சார் மூலமா.

அந்தக் கடைசி வரி இன்டர்னோட பயம்னு சிரிக்காதீங்க. பெரிய கம்பெனி டைரக்டர்களோட போர்டு மீட்டிங்குக்கே இதுதான் நடைமுறை. மினிட்ஸ் வரைவை 15 நாளுக்குள்ள எல்லா டைரக்டருக்கும் அனுப்பணும், அவங்க 7 நாளுக்குள்ள திருத்தம் சொல்லலாம்னு செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தோட 118-வது பிரிவு, வந்தவங்க பேரோட, தீர்மானத்தை ஏத்துக்காதவங்க பேரையும் எழுதச் சொல்லுது. கோட்டு சூட்டு போட்டவங்க ஞாபகத்தையே சட்டம் நம்பலை. நாம எம்மாத்திரம்!

மறுநாள் மதியத்துக்குள்ள ரெண்டு திருத்தம் வந்தது. ஃபவுண்டரி சூப்பர்வைசர், "வெள்ளிக்கிழமை எங்களுக்கு உருக்கு நாள், ஆள் வராது. சனிக்கிழமை அனுப்பறோம்"னார். வெள்ளிக்கிழமை கேஜோட காத்துக்கிட்டு நின்னிருப்பாங்க! அசெம்பிளி இன்சார்ஜ், "திருப்பி அனுப்பலையா? அப்போ எனக்கு முதல் 60 நல்ல பீஸ் திங்கள் காலையில வேணும்"னு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பிளானைத் திரும்ப மாத்திட்டுப் போய்ட்டார்.

பர்ச்சேஸ் சார் 'முடிவாகாதது'ங்கற வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். "ஏம்ப்பா, ஃபவுண்டரியோடதுன்னு போட்டிருக்கலாமே?" "யாரும் ஒத்துக்கிட்டதா எழுத ஆதாரம் இல்லீங்க சார்"னேன். முறைச்சார். ஆனா டெபிட் நோட்டை அன்னிக்கு அடிக்கலை.

சனிக்கிழமை ரெண்டு பேர் வந்து சார்ட்டிங் முடிச்சாங்க. 208ல 27 பீஸ் கழிஞ்சது. திங்கள் காலையில 60 பீஸ் அசெம்பிளிக்குப் போயிடுச்சு. கூலி யார் தலையிலங்கறதுக்கு புதன்கிழமை மறுபடி ஒரு மீட்டிங் போட்டாங்க. இந்தத் தடவை சுவர் ஓரமா எனக்கும் ஒரு சேர் போட்டிருந்தாங்க. நோட்டும் பேனாவும் நானே கொண்டு போயிருந்தேன்.