உஸ்தாதின் குரலை ஒலிக்கச் செய்யும் முன்

எங்கள் மத்ரஸா அலமாரியில் மர்ஹூம் உஸ்தாத் ஒருவரின் ரமழான் பயான்கள் அடங்கிய கேசட்டுகள் உள்ளன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. கணினியில் பதிந்து வைக்கும் எண்ணத்தில் பழைய டெக்கை எடுத்தபோது, அந்தக் கேசட்டுகளைக் கடைசியில்தான் தொடுவது என்று உறுதி செய்துகொண்டோம். பழுதுள்ள கருவி நாடாவை மென்று தின்றுவிட்டால் அந்த அமானிதத்தை எவராலும் மீட்டுத்தர இயலாது.

முதலில் பெல்ட்டைப் பார்த்தோம். பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் ஒன்று தளர்ந்துவிடும். அல்லது உருகித் தார் போலாகிவிடும். தளர்ந்தால் நாடாவைச் சுற்றி எடுக்கும் அச்சு நின்றுபோகும். ஆனால் உலோகத் தண்டும் அதனுடன் அழுந்தும் ரப்பர் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்நாடா உள்ளேயே சிக்கிக் கசங்கும்.

எங்கள் டெக்கில் பெல்ட் உருகியே இருந்தது. மின்இணைப்பைத் துண்டித்து, கப்பிகளில் ஒட்டிய கறுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் முற்றும் துடைத்தோம். அளவு அறியப் பழைய பெல்ட் இல்லாததால், அது ஓடிய வழியில் நூலைச் சுற்றி அளந்தோம். 24 செ.மீ. வந்தது. பெல்ட் சற்று இழுபட்டு நிற்க வேண்டுமாதலால் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்து, 23 செ.மீ. சுற்றளவுள்ளதை வாங்கி மாட்டினோம்.

அடுத்தது ஹெட். நாடாவிலிருந்து உதிரும் பழுப்புத் துகள் அதில் படிந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் மங்கும். அதே திரவத்தால் ஹெட்டையும் உலோகத் தண்டையும், குச்சி அழுக்கின்றி வெளிவரும்வரை துடைத்தோம். ரப்பர் உருளைக்கு மென்மையான சோப்பு நீரே போதுமானதாயிற்று. அனைத்தும் உலரக் காத்திருந்தோம்.

இறுதியாகக் காந்த நீக்கம். ஹெட்டில் காந்தம் தேங்கினால் இரைச்சல் கூடும்; நாடாவிலுள்ள மெல்லிய உயர் ஒலிகளும் படிப்படியாக அழியும். எனவே கேசட்டுகளை வேறு அறைக்கு மாற்றினோம். டெக்கின் மின்சாரத்தை நிறுத்தி, காந்தநீக்கியைக் கைநீட்டும் தொலைவில் இயக்கினோம். அதை மெதுவாக ஹெட்டின் அருகே கொண்டுசென்று, தொடாமல் அசைத்து, அதே மெதுவுடன் பின்னிழுத்துத் தொலைவில் வந்தபின்பே நிறுத்தினோம். அருகிலேயே நிறுத்தினால் ஹெட் முன்னைவிட அதிகமாகக் காந்தமேறிவிடும்.

பின்னர் பயனற்ற ஒரு கேசட்டை இருபுறமும் முழுமையாக ஓட்டினோம். நாடாவின் ஓரம் மடங்கவில்லை. குரலில் நடுக்கம் இல்லை. அதன் பிறகே, பயான் கேசட்டுகளின் மேல்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாவல்களை, தவறிப் பதிவாகி அழியாதிருக்க ஒடித்துவிட்டு, முதல் கேசட்டை உள்ளே வைத்தோம். உஸ்தாதின் "அஸ்ஸலாமு அலைக்கும்" தெளிவாகக் கேட்டது. மாணவர்கள் பதில் சலாம் கூறினர்.