தூங்கு தங்கம்

ஆறாவது நாள் இரவு 11:42-க்கு நான் அனுப்பிய மெசேஜ் இது: “எல்லாம் சரியாயிடும், தூங்கு தங்கம்.” ரெண்டு டிக்கும் உடனே நீலமாச்சு. பதில் காலையில்தான் வந்தது. “குட் மார்னிங்ங்க.”

அந்த ‘ங்க’தான் என்னை உலுக்கிவிட்டது. மூணு நாளா அது எங்களுக்குள் இல்லை.

முதல் ரெண்டு நாள் நீங்க, வாங்க, சொல்லுங்க. அப்புறம் தமிழில் சாட் பண்ணும் எல்லாருக்கும் தெரிந்த அந்த மதில்மேல் பூனைக் கட்டம். ‘சாப்டீங்களா’ன்னா தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும், ‘சாப்டியா’ன்னா நெருங்கிட்ட மாதிரி இருக்கும். அதனால் ‘சாப்டாச்சா?’. ‘எப்ப ஊருக்குப் போறது?’. யாரைக் கேட்கிறோம் என்றே சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். மூணாம் நாள் மாலை அவளே, “நீன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள். நாலாம் நாள் நான் என்னவோ அடம்பிடித்ததற்கு, “சரிங் கண்ணு” என்று எழுதினாள்.

நான் மதுரைக்காரன். எங்க வீட்டில் கண்ணுன்னா கொஞ்சல். அவள் பொள்ளாச்சி. அந்தப் பக்கம் காய் விற்கிற அம்மாகூட, முன்னபின்ன தெரியாத பையனை, “என்ன கண்ணு வேணும்?” என்றுதான் கேட்பார். அவள் தன் அமுச்சியின் குரலில் என்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறாள். நான் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்களைப் பற்றி பிரௌனும் கில்மனும் 1960-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ‘நீ’க்கு இறங்கலாம் என்று முதலில் சொல்லும் உரிமை, ரெண்டு பேரில் உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கே என்பது அதில் வரும். சாட்டில் யார் உயர்ந்தவர்? பெரும்பாலும் பையன்கள் தங்களையே நினைத்துக்கொள்கிறோம். என் தோழி ஒருத்திக்கு முதல் நாளே ‘கண்ணம்மா’ என்று எழுதியவர்கள் மூணு பேர். பாரதி கண்ணம்மாவைக் குழந்தையாகவும் காதலியாகவும் குலதெய்வமாகவும் பாடியிருக்கிறார். “இவனுங்க எதைச் சொல்றானுங்கன்னு தெரியலை” என்பாள். “சரிம்மா” வந்தால் அவளுக்கு இன்னும் எரிச்சல். அந்த ‘ம்மா’ ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர் சொல்கிற ம்மா மாதிரியே இருக்காம்.

நாலு நாள் யோசித்து அவளுக்கு எழுதினேன். “அப்படிக் கூப்பிட்டது சீக்கிரமா இருந்துச்சுன்னா சொல்லிடுங்க. இனி சொல்ல மாட்டேன்.” நானும் ‘ங்க’வுக்குத் திரும்பியிருந்தேன்.

“சீக்கிரம்னு இல்ல,” என்று பதில் வந்தது. “நான் அப்பாவைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்.”

மேலே தள்ளிப் பார்த்தேன். மறுநாள் காலை அவள் அப்பாவுக்கு வயிற்றில் ஸ்கேன். அவர் ஊரில், அவள் சென்னையில். தூக்கம் வரலை, போன் அடிச்சாலே பயமா இருக்கு என்று தொடர்ந்து ஏழு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு ஸ்கேன், கூட யார் போறாங்க, எதுவுமே இல்லை. தங்கம் என்று சொல்லிப் பேச்சை மூடிவிட்டேன். அந்த மெசேஜில் ‘தங்கம்’ங்கிற சொல்லை எடுத்துவிட்டால் அவளுக்கென்று எழுதியது எதுவும் மிஞ்சாது. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். எங்க அம்மாச்சி என்னைத் தங்கம்னு கூப்பிடும்போது கையில் எனக்கான சோத்து உருண்டை இருக்கும். நான் உருண்டையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்டேன். பித்தப்பையில் கல்.

எங்களுக்குள் ஒரு செல்லப்பெயர் வர அதற்கப்புறம் ஒரு மாதம் ஆச்சு. ஒரு ஞாயிறு இரவு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், நகர ஆரம்பித்த கோவை பஸ்ஸைத் துரத்திக்கொண்டே அவளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன். மூச்சிரைப்பு, கண்டக்டரின் வசவு, என் செருப்புச் சத்தம் எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. மறுநாள் காலை: “என்ன ஆரப்பாளையம், ஊர் போய்ச் சேந்தாச்சா?”

அன்றிலிருந்து நான் ஆரப்பாளையம். கொஞ்சமும் இனிப்பில்லாத பெயர். வேற எவனுக்கும் அவளால் அதை அனுப்ப முடியாது. ‘டா’ அதற்குப் பின்னால் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அது எந்த நாள் என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

போன வாரம் அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. ராத்திரி எழுதினாள், “அப்பா வீட்டுக்கு வந்துட்டார். அசதியா இருக்கு ஆரப்பாளையம்.”

‘தூங்கு’ என்று அடித்தேன். பக்கத்தில் இன்னொரு சொல்லும் விரலில் வந்தது. ரெண்டையும் அழித்துவிட்டு, “தையல் எப்பப் பிரிக்கிறாங்க?” என்று கேட்டேன்.