மலைக்கோட்டை முன்னா, மன்னார்புரம் முன்னா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் பெரியோர் வாக்கு. அதன் பொருளை நான் உணர்ந்தது கோடை விடுமுறைப் பயிற்சிப் பணிக்கான ஒரு விண்ணப்பப் படிவத்தில்தான். பெயர், மதிப்பெண் ஆகியவற்றுக்குக் கீழே 'நீங்கள் செய்த வேலைகளின் இணைப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. மதிப்பெண்ணை நிரப்பக் கல்லூரி தந்த தாள் இருக்கிறது. இந்தக் கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது? என் அம்மா ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கேட்டறிய வீட்டில் ஆளில்லை. ஆகவே ஆசிரியர்களைக் கேட்டும் நானாக யோசித்தும் கண்ட வழியை, நாளை அதே கட்டத்தின் முன் உட்காரப்போகும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

வகுப்பில் செய்த பயிற்சிகளையெல்லாம் அடுக்கிவிடலாமா என்று எங்கள் துறை ஆசிரியரைக் கேட்டேன். "ஏம்மா, நாற்பது பேரும் அதே கால்குலேட்டரை அனுப்பினால் படிக்கிறவர் உன்னை எப்படி அடையாளம் காண்பார்? உன் கண்ணில் பட்ட ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துக் காட்டு. இரண்டு போதும், ஆனால் இரண்டும் முடிந்திருக்க வேண்டும்" என்றார். அப்படி நான் தேர்ந்த இரண்டில் ஒன்று, கிலோக் கணக்கில் வாங்கி முழக் கணக்கில் விற்கும் அம்மாவின் பூ வரவு செலவு. மற்றொன்று, ஊர்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்துவது. இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பு மாணவர்கள் வரும் இடங்களைச் 'சத்திரம்' தொடங்கி ஒரு கோப்பில் எழுதி, பைத்தான் மொழியில் உள்ள `sort` கட்டளையால் வரிசைப்படுத்திப் பார்த்தேன். மன்னார்புரம் முன்னாலும் மலைக்கோட்டை பின்னாலும் வந்தன. பொன்னகர் முன்னாலும் பொன்மலை பின்னாலும் வந்தன. நாம் படித்த வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிவது. அதன்படி மலைக்கோட்டையும் பொன்மலையும் அல்லவா முன்னே வரவேண்டும்?

காரணம் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்ட எண்களில் இருக்கிறது. கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை. அதன் யூனிகோடு எண்ணைத்தான் பார்க்கிறது. 1991இல் வந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே சட்டகத்தை வகுத்த தரம் அது. அதில் ஒலியால் நெருங்கிய எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. அதனால் நம் வரிசையில் கடைசியாக நிற்கும் ன, அங்கே ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. ற-வும் அவ்வாறே ர-வை ஒட்டி நிற்கிறது. பிழை பைத்தானிலும் இல்லை, என் பட்டியலிலும் இல்லை. எண்ணின் வரிசை வேறு, அகர வரிசை வேறு, அவ்வளவுதான்.

இது தெரிந்தபின் தீர்வு மிகச் சிறியது. மெய்களுக்கு நம் வரிசைப்படி நாமே எண் தந்துவிட வேண்டியதுதான்:

```python
MEY = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஷஸஹ"

def key(word):
    return [ord("க") + MEY.index(c) if c in MEY else ord(c)
            for c in word]

names.sort(key=key)
```

உயிரெழுத்துகளின் எண்கள் க-வுக்கு முன்னாலும், கால், கொம்பு முதலிய குறிகளின் எண்கள் மெய்களுக்குப் பின்னாலும் ஏற்கெனவே இருப்பதால் அவற்றைத் தொடத் தேவையில்லை. ஜ முதலிய கிரந்த எழுத்துகளை ன-வுக்குப் பின் வைத்தேன். அதனால் காட்டூர் முன்னும் காஜாமலை பின்னும் வருகின்றன.

நிரல் ஓடியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. படிக்கிறவர் அதைத் தம்முடைய கணினியில் ஓட்டிப் பார்ப்பார் என்று கொள்ள வேண்டும். ஆகவே ஒரு தோழியிடம் இணைப்பை மட்டும் கொடுத்து, நான் ஒரு சொல்லும் சொல்லாமல், ஆய்வகத்தில் ஓட்டச் சொன்னேன். என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ்; ஆய்வகத்தில் விண்டோஸ். அங்கே இந்தச் செய்தி வந்தது:

```
UnicodeDecodeError: 'charmap' codec can't decode byte 0x8d
```

நம் புள்ளி யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது பைட்டு `8d`. கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று நாம் சொல்லாவிட்டால், அந்தக் கணினியிலிருந்த பைத்தான் அதை ஆங்கிலத்துக்கான பழைய அட்டவணையைக் கொண்டு படிக்க முயல்கிறது. அந்த அட்டவணையில் `8d` என்னும் இடம் காலி. 'சத்திரம்' என்ற முதற் சொல்லின் முதற் புள்ளியிலேயே நிரல் நின்றுவிட்டது. கோப்பைத் திறக்கும் வரியில் `encoding="utf-8"` என்று சேர்த்ததும் இரண்டு இடத்திலும் ஓடியது. நண்பர்களே, உங்கள் வேலை எதுவாயினும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அனுப்பாதீர்கள். தமிழ்க் கோப்பு என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்தது `README.md` என்னும் அறிமுகத் தாள். படிக்கிறவர் முதலில் காண்பது இதைத்தான். பலர் இதோடு நின்றுவிடவும் கூடும். இதில் நான் நான்கு செய்திகளை மட்டும் எழுதினேன். சிக்கல் என்ன, ஓட்டுவது எப்படி, முன்னும் பின்னும் பட்டியல் எப்படி இருந்தது, எது இன்னும் சரியாகவில்லை. நான்காவதை மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம். என் நிரலில் புள்ளி வைத்த மெய், கௌ போன்ற எழுத்துக்கும் பின்னால்தான் வருகிறது. ஏனெனில் புள்ளியின் எண் எல்லாக் குறிகளுக்கும் பிந்தியது. க் முதலில், க அடுத்து என்று வேண்டுவோருக்கு இந்த நிரல் போதாது. இதை அப்படியே எழுதிவைத்தேன்.

பூக் கணக்கில் கவனிக்க வேண்டியது வேறு. அம்மாவின் நோட்டில் கடன் சொல்லி வாங்கியவர்களின் பெயர்களும் தொகையும் இருக்கின்றன. அவை ஊரார் பார்ப்பதற்கல்ல. கிட்ஹப் தளத்தில் ஒருமுறை ஏற்றியதைப் பிறகு அழித்தாலும், பழைய பதிவுகளின் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் பதிவுக்கு முன்பே பெயர்களை நீக்கி, கற்பனைக் கணக்கை வைத்தேன். "உன் பரீட்சைக்கு என் நோட்டு எதுக்குடி?" என்று கேட்ட அம்மாவிடம் அதைக் காட்டினேன். "இதுல யார் பேரும் இல்லையே, அப்ப சரி" என்றார்.

விண்ணப்பம் அனுப்பிப் பத்து நாளில் தொலைபேசியில் நேர்காணல் நடந்தது. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்த அம்மையார் ஊர்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஜ-வை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? ச-வுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன?" என்று கேட்டார். தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத எழுத்து என்பதால் பதினெட்டு மெய்யும் முடிந்தபின் வைத்ததாகவும், வேறு வரிசை வேண்டுமானால் முதல் வரியில் அந்த எழுத்தை இடம் மாற்றினால் போதும் என்றும் சொன்னேன். பிறகு புள்ளியைப் பற்றிக் கேட்டார். "அறிமுகத் தாளில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்றார். புள்ளிக்கு எல்லாவற்றினும் சிறிய எண் தர வேண்டும் என்றேன். "அப்போது 'க' என்ற ஒற்றை எழுத்தும் 'க்' என்பதும் வந்தால் எது முன்னே வரும்?" என்று மடக்கினார். சிறிது யோசித்து, குறியைத் தனியே எண்ணாமல் ஒவ்வொரு முழு எழுத்துக்கும் ஓர் எண் தர வேண்டியிருக்கும் என்றேன்.

முடிவு இன்னும் வரவில்லை. அந்த மாற்றத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அறிமுகத் தாளின் நான்காம் பகுதியிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுவேன்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்