பாட்டியின் தகரப்பெட்டி

எங்கள் பாட்டி 1964இல் இரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கியபோது எட்டு வயதுச் சிறுமி. அவர்களோடு வந்த தகரப்பெட்டியில் பாட்டியின் தாத்தாவுடைய பழைய காகிதங்கள் சில இருந்தன. சென்ற கோடை விடுமுறையில் பாட்டி எங்கள் இருவரையும் அழைத்து, "கண்ணுகளா, நம்ம பூர்வீக ஊர் எதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்களேன். நான் கண்ணால ஒரு தடவை பார்த்துடணும்" என்றார்கள். அக்காளும் நானும் உற்சாகமாகப் பெட்டியைத் திறந்தோம்.

ஆனால் ஊரின் பெயர் எங்குமே இல்லை! கடிதங்களிலெல்லாம் "நமதூரில் சேமம்" என்றே இருந்தது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் தெரிந்த ஊர், பெயர் எதற்கு? மிஞ்சியவை மூன்றே செய்திகள். ஓர் ஆங்கில ரசீதில் "திருவடி" என்று படிக்கும்படியான ஓர் ஊர். ஒரு கடிதத்தில், "ஆபத்சகாயர் கோயில் விளக்குக்கு இரண்டு ரூபாய் கொடுத்தோம்." இன்னொன்றில், "காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது."

திருவடி என்றதும் ஏதோ சுவாமி பாதம் உள்ள ஊர் என்று எண்ணி, படத்தில் தேடித் தேடிக் களைத்தோம். எங்கள் தமிழாசிரியையிடம் காட்டியபோது அவர்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் திருவையாற்றை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்களாம். "ஆனால் பண்ருட்டிக்குப் பக்கத்திலுள்ள திருவதிகையையும் அதே எழுத்துக்களில்தான் எழுதியிருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்" என்றும் எச்சரித்தார்கள். நூலகத்தில் 1906இல் வெளிவந்த தஞ்சை மாவட்ட கெசட்டியரையும் தென்னார்க்காட்டு கெசட்டியரையும் புரட்டினோம். இரண்டிலும் அந்தப் பெயர் இருந்தது! இங்கேதான் ஆறு கைகொடுத்தது. திருவதிகை கெடிலத்தின் கரையில் இருக்கிறது. காவேரி அங்கே இல்லை. ஆகவே திருவையாறுதான்.

அடுத்தது கோயில். ஆபத்சகாயேசுவரர் என்ற பெயரைக் கண்டதும் அக்காள், "ஆலங்குடி!" என்று கூவினாள். குரு பகவானுக்குப் புகழ்பெற்ற அந்த ஊருக்கு நாங்கள் ஒருமுறை போயிருக்கிறோம். பாட்டியிடம் அன்றே சொல்லியும்விட்டாள். அது பெரிய தவறு. அதே பெயருள்ள சுவாமி ஆடுதுறையிலும் இருக்கிறார், மயிலாடுதுறைப் பக்கம் பொன்னூரிலும் இருக்கிறார், திருப்பழனத்திலும் இருக்கிறார். பாட்டி இரண்டு நாள் பேசவே இல்லை.

ஆலங்குடி காவேரிக் கரையில் இல்லை. ஆடுதுறைக்கு அருகே காவேரி ஓடுகிறது. ஆனால் அவ்வூரார் கடைகண்ணிக்குக் கும்பகோணம் போவார்களே தவிரத் திருவையாற்றுக்கு ஏன் வரவேண்டும்? பொன்னூர் இன்னும் தூரம். திருப்பழனமோ திருவையாற்றுக்குக் கிழக்கே சுமார் 4 கிலோமீட்டரில், காவேரியின் வடகரையில் இருக்கிறது. மூன்றும் பொருந்தின. ஆயினும் ஆலங்குடி அனுபவத்தால் வாயைத் திறக்கவில்லை.

முன்பு "இதில் ஒன்றுமில்லை" என்று ஒதுக்கிய கடிதங்களை மறுபடியும் வரிவரியாகப் படித்தோம். ஒன்றில், "சித்திரையில் பல்லக்கு வந்தபோது அம்மா உன்னை நினைத்து அழுதாள்" என்றிருந்தது. எந்த ஊரில்தான் பல்லக்கு இல்லை என்று விட்டுவிட்ட வரி அது. திருவையாற்றுச் சுவாமி சித்திரையில் பல்லக்கேறி ஏழூர் சுற்றுவார் என்பதும், அவ்வேழில் திருப்பழனமும் ஒன்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் தேடாமலே கிடைத்த சாட்சி ஆகையால், மற்ற மூன்றையும்விட இதையே பெரிதாக நம்பினோம்.

பாட்டியை அழைத்துக்கொண்டு அப்பாவுடன் போனோம். கோயில் வாசலில் இருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பாட்டியின் தாத்தா பெயரைச் சொன்னதும், "அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்களே, அம்மா" என்றார். வீட்டு இலக்கமோ நிலத்தின் சர்வே எண்ணோ எங்களிடம் இல்லை. கோயிலுள்ள ஊரிலேயே குடியிருந்தார்களா, பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து விளக்குக்குப் பணம் கொடுத்தார்களா என்பதையும் அந்தக் காகிதங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு முகம் வாடிவிட்டது.

பாட்டிக்கு வாடவில்லை. கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஆற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். காவேரியில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சுடுமணலில் நாலடி நடந்து பார்த்தார்கள்.

"தண்ணி வந்ததும் சொல்லுங்கடி. இன்னொரு தரம் வரணும்" என்றார்கள்.