எந்தக் கூடலூர்?

கம்பத்தில் ஒரு கூரியர் கிளை. மதுரையிலிருந்து வண்டி வந்து சாக்குகளை இறக்கிவிட்டுப் போன பின், ஸ்கேன் செய்யும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கிறது. பார்சல்கள் ஊர்வாரியாகத் தரையில் குவிகின்றன. டெலிவரிப் பையன்கள் வண்டியை எடுப்பதற்கு முன், உத்தமபாளையத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் ஒவ்வொரு குவியலையும் கண்ணால் ஒருமுறை மேய்ந்து, சந்தேகமானவற்றை மேசைக்கு எடுத்து வந்துவிடுகிறார். முகவரியும் போன் நம்பரும் சரியா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அன்று முதலில் அவர் எடுத்த பார்சலில் ‘தேவர்சோலை ரோடு, கூடலூர், தமிழ்நாடு, 625518’ என்று அச்சாகியிருந்தது. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, லோயர் கேம்ப் போகும் வழியில் இருக்கும் கூடலூருக்கு 625518தான் பின்கோடு. அவர் விரல் ‘தேவர்சோலை’யில் நின்றது. “நம்ம கூடலூர்ல இப்படி ஒரு ரோடு கிடையாதுண்ணே” என்றார்.

போன் போட்டார். “கூரியர்ல இருந்து பேசுறேன் சார். கூடலூருன்னு போட்டிருக்கு. லோயர் கேம்ப் பக்கமா, ஊட்டிப் பக்கமா?” மறுமுனை ஊட்டிப் பக்கம் என்றது. நீலகிரி கூடலூரின் பின்கோடு 643212. ஆர்டர் போடும்போது ஊர்ப் பெயரைத் தட்டினால் இரண்டு கூடலூரும் வரும். ஆர்டர் போட்டவர் மாவட்டத்தைப் பார்க்காமல் ஒன்றைத் தொட்டிருக்கிறார். கம்பத்துக்கும் இதே தொல்லை உண்டு. ஆந்திரத்திலும் ஒரு கம்பம் இருக்கிறது; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். அங்கே பின்கோடு 5-இல் தொடங்கும் என்பதால் முதல் எண்ணிலேயே பிடித்துவிடலாம்.

அந்தப் பார்சலில் ‘வழி மாறி வந்தது’ என்று பதிந்து, சரியான பின்கோட்டை எழுதித் திருப்பிவிட்டார். அப்படியே வண்டியில் ஏற்றியிருந்தால், பையன் கூடலூர் முழுக்க விசாரித்துவிட்டு ‘முகவரி போதவில்லை’ என்று போட்டிருப்பான். வழக்கமாக ஒரு பார்சலுக்கு மூன்று முறைதான் முயல்வார்கள். பிறகு அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மூன்றில் ஒன்று வீணாகியிருக்கும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் மூன்று, தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். அது அஞ்சலகத்துக்கான எண். ஊருக்கான எண் அல்ல. ஒரே எண்ணின் கீழ் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பல இருக்கும். ஆகவே பின்கோடு சரியாக இருந்தாலும் ஊர் தவறலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பெரிய பெயர்களை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. காமயகவுண்டன்பட்டி கே.ஜி.பட்டி, கருநாக்கமுத்தன்பட்டி கே.கே.பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்.டி.பட்டி. கையால் எழுதிய கவரில் ஜி-யும் கே-யும் ஒன்றுபோலத் தெரிந்தால் பார்சல் வேறு ஊர்க் குவியலில் விழும். முன்னெழுத்தே இல்லாமல் ‘புதுப்பட்டி’ என்று மட்டும் வந்தால் இன்னும் சிக்கல்; மதுரைப் பக்கமும் தேனிப் பக்கமும் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். “உங்க ஊருக்கு எந்த பஸ் வரும்?” என்று கேட்பார். “எந்தப் புதுப்பட்டி?” என்று கேட்டால் “புதுப்பட்டிதாம்மா” என்றே பதில் வருமாம். பஸ்ஸைக் கேட்டால் ஊர் தானாக வந்துவிடுகிறது.

ஊர் கிடைத்த பிறகு வீடு. கதவு எண்ணை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். இரண்டும் சுவரில் இருக்காது. அவர் கேட்பது அப்பா பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர், பிறகு கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ஒன்று. ‘மாரியம்மன் கோயில் அருகில்’ என்பதை மட்டும் ஏற்க மாட்டார். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? கோயிலுக்கு முன்னாலா பின்னாலா, பக்கத்தில் என்ன கடை என்பதுவரை கேட்டு, லேபிளின் ஓரத்தில் பேனாவால் எழுதுகிறார்.

அடுத்தது நம்பர். அலைபேசி எண் என்றால் பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். முன்னால் 0 இருந்து பதினொன்றாகவோ, 91 இருந்து பன்னிரண்டாகவோ வந்தால் அந்த முன்னொட்டை எடுத்துவிடலாம். பத்தே இலக்கம் இருந்து அது 91-இல் தொடங்கினால் தொடக்கூடாது. அது முழு எண். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதை நாட்டுக் குறியீடு என்று நினைத்து வெட்டிவிட்டு, நம்பர் குறைகிறது என்பார்களாம்.

ஒன்பது இலக்கம் மட்டும் வந்தால்? விட்டுப்போனது எந்த இலக்கம், எந்த இடத்தில் என்று தெரியாது. கணக்குப் போட்டால் எண்பதுக்கும் மேற்பட்ட எண்கள் சாத்தியம். அவர் ஊகித்து முயல்வதில்லை. “யாரோ ஒருத்தர் எடுத்து, ஆமா எனக்குத்தான்னு சொல்லிட்டா?” என்றார். ஆர்டர் எண்ணை வைத்து அனுப்பியவரிடமே கேட்கிறார். பதில் வரும்வரை பார்சல் மேசையடியில் இருக்கும்.

நம்பர் சரி, ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. கம்பம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. டெலிவரிப் பையன் தெருவுக்குள் வரும் நேரத்தில் அவர்களின் போன் ஏலச்செடிகளுக்கு நடுவே சிக்னல் இல்லாமல் இருக்கும். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று குரல் வரும், வீடு பூட்டியிருக்கும். தாளில் ‘ஆள் இல்லை, போன் கிடைக்கவில்லை’ என்று ஏறும். மறுநாளும் அதே நேரம், அதே பதில். மூன்றாம் நாளோடு பார்சல் திரும்பும். முகவரியும் சரி, நம்பரும் சரி, கூப்பிட்ட நேரம்தான் தவறு.

இந்த வேறுபாட்டை அவர் ஒலியில் கண்டுபிடிக்கிறார். ‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ என்றால் நம்பரே போச்சு. அனுப்பியவரைத் தேட வேண்டும். ‘எல்லைக்கு வெளியே’ என்றால் நம்பரில் பழுதில்லை என்று எடுத்துக்கொண்டு, பார்சலைத் தனியே வைத்து, ஜீப் இறங்கிய பின் மாலை ஆறரைக்கு மேல் மறுபடி கூப்பிடுகிறார். நான் இருந்த மாலையில் அப்படி எடுத்த ஓர் அம்மா, “பகல்ல நாங்க யாரும் இருக்க மாட்டோம் தாயி, முக்குக்கடையில குடுத்துருங்க” என்றார். கடைக்காரரின் நம்பரையும் வாங்கி இவர் லேபிளில் எழுதினார். காசு கொடுத்து வாங்க வேண்டிய பார்சல் என்றால் இது செல்லாது. கடைக்காரர் பணம் போட மாட்டார். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

இப்போது இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. ‘உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இந்த இணைப்பில் முகவரியைத் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறை பெயரில் மோசடிக் குறுஞ்செய்திகள் சுற்றுகின்றன. நம்ப வேண்டாம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே எச்சரித்திருக்கிறது. அதனால் முகவரி என்று வாயெடுத்ததும் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். அவர் முதல் வாக்கியத்திலேயே கிளை எந்த ஊர், பார்சல் எங்கிருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். இணைப்பு அனுப்புவதில்லை, ஓ.டி.பி. கேட்பதில்லை. அது கொடுக்கும்போது பையன் நேரில் கேட்க வேண்டியது.

இவ்வளவு விசாரித்துத் திருத்திய முகவரி எங்கே போகிறது என்று கேட்டேன். ஒரு நீள நோட்டைக் காட்டினார். ஊர்வாரியாகப் பெயர், அடையாளம், எப்போது வீட்டில் இருப்பார்கள் என்ற குறிப்பு. அது அந்தக் கிளைக்கு மட்டும் உதவும். விற்பவரின் கணினியிலும் வாங்கியவரின் செல்போனிலும் பழைய முகவரியே கிடக்கிறது. அடுத்த ஆர்டரும் அதே தப்போடு வரும். 2025-இல் அஞ்சல் துறை ‘டிஜிபின்’ என்று நாட்டையே நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்துப் பத்து எழுத்துக் குறியீடு தந்திருக்கிறது. அது வாசலைக் காட்டும்; வாசலில் ஆள் எப்போது இருப்பார் என்பதைக் காட்டாது. ஆகவே அவர் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் ஒரே விஷயத்தைச் சொல்லி வைக்கிறார்: “போன்ல இருக்கற அட்ரஸ்ல ஊருக்கு முன்னால எழுத்தைச் சேருங்க, பகல்ல வீட்ல இருக்கற ஒருத்தர் நம்பரையும் போடுங்க.” சொன்னபடி செய்தவர்களின் பெயரை நோட்டில் அடித்துவிடுகிறார். அடிக்காத பெயர்கள்தான் அதிகம்.