“மொட்டமாடிக் கதவப் போய்ப் பாத்தேம்மா!”

2024 ஜூன் 12, புதன்கிழமை. மதுரையில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் காலை ஷிஃப்ட். குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீ என்று முதல் செய்தி வந்தபோது, கை தானாக மேப்பைத் திறந்தது. என் பெரியம்மா மகன், அண்ணன், குவைத்தில் ஏ.சி டக்ட் மாட்டும் வேலையில் இருக்கிறான். தங்கியிருப்பது மஹ்பூலா. மங்காஃபிலிருந்து ரொம்ப தூரமில்லை.

போன் போட்டேன். எடுக்கவில்லை.

பெரியம்மா ஊர் காரியாபட்டி பக்கம். அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போயிருந்தது. கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒருத்தர் போனில் வீடியோ ஓட, “ஒம் மகன் இருக்குற ஊருதான?” என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த நிமிடம் எனக்கு அழைப்பு.

“ஏத்தா, நீ நியூஸ்லதான இருக்க... எம்புள்ள பேரு அதுல இருக்கா?”

“லிஸ்ட் இன்னும் வரல பெரியம்மா” என்றேன். ஒரு தாயிடம் சொல்லக்கூடிய பதிலா அது? ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்த உண்மை அது மட்டும்தான். தீப்பிடித்தது அங்கே அதிகாலை, நமக்குக் காலை ஏழு மணிவாக்கில். தூக்கத்தில் இருந்தவர்கள், பலரை அடையாளம் காண்பதே சிரமமாக இருந்தது. பெயர்கள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்குள் வாட்ஸ்அப்பில் வேறு ஏதேதோ தீவிபத்து வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்றை எங்கள் குடும்ப குரூப்பிலேயே மாமா போட்டார். “இது குவைத்தே இல்ல மாமா, டெலீட் பண்ணுங்க” என்று ஒரு பக்கம் அவருக்கு, இன்னொரு பக்கம் டெஸ்க்குக்கு அப்டேட்.

அண்ணன் ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அவனுக்கு வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். போன் பையில் கிடக்கும். அங்கே 11 மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை.

ஒன்றே முக்காலுக்கு குரூப்பில் ஒரு வரி வந்தது: “ஐ ஆம் சேஃப்.” கூடவே ஒரு கட்டைவிரல்.

நான் டெஸ்க்கிலேயே அழுதுவிட்டேன். பெரியம்மாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னால், அது அசையவில்லை. “அவன் போன யாரு வேணா வாங்கி அடிக்கலாம்ல?” என்றது. மூன்று மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பதினோரு நொடி. “யம்மா, நான் சூப்பரா இருக்கேன், ஒண்ணும் கவலப்படாத, நல்லா சாப்பிடு!” சிரிப்போடு பேசியிருந்தான்.

குரல் அவனுடையது. நேரம் சரி. எங்கள் டெஸ்க்கில் ஒரு தகவலைச் சரிபார்க்க இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டோம். பெரியம்மா கேட்டது.

“சிரிக்கிறான். அந்த ஊர்ல அத்தன பேரு செத்துக் கெடக்க, இவன் சிரிக்கிறான்னா என்னமோ மறைக்கிறான்.”

ஷிஃப்ட் முடிந்ததும் அருப்புக்கோட்டை பஸ் ஏறி காரியாபட்டியில் இறங்கி, வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. ஆட்டுக்குட்டிகளை யாரோ கட்டிவைத்திருந்தார்கள். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் என் போனையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

“யம்மா, மதியம் பேசுனது சும்மா. ஃபோர்மேன் பக்கத்துல நின்னாரு. இப்ப மொட்டமாடில இருந்து பேசுறேன். தீப்பிடிச்சது எங்க பில்டிங் இல்ல, வேற. நமக்கும் மண்டபத்துக்கும் எவ்வளவு தூரம், அந்த மாதிரி நாலஞ்சு மடங்கு தள்ளி. அங்க நெறைய பேரு தீயில சாகலம்மா, பொகையிலதான் செத்திருக்காங்க. படி வழியா மேல ஓடிருக்காங்க, மாடிக் கதவு பூட்டிக் கெடந்திருக்குன்னு பேசிக்கிறாங்க. அதக் கேட்டதும் வேலை முடிஞ்சு வந்து மொதல்ல எங்க மொட்டமாடிக் கதவப் போய்ப் பாத்தேன். பூட்டு இல்ல. தாப்பா மட்டுந்தான். நான் மூணாவது மாடி, ரூம்ல ஆறு பேரு. படி ரெண்டு பக்கமும் இருக்கு. கீழ கேஸ் சிலிண்டர் வைக்கிற எடத்தையும் பாத்துட்டேன்.

இன்னிக்கு மத்தியானம் சாப்பிடல. பொய் சொல்லல. ராத்திரி ரசம் வச்சுத் தின்னாச்சு. தூக்கம் வரும்னு தோணல. பகல்ல அந்த அஞ்சு மணி நேரம் வெயிலுக்கு ரூம்ல போட்ருவாங்கல்ல, அப்பதாம்மா ரொம்ப வீட்டு நெனப்பு வருது. வெயில் நம்மூரு வெயில் மாதிரிதான். ஆனா நம்மூர்ல வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேப்பமரம் இருக்கும். இங்க ஜன்னலத் தெறந்தா சூட்டுக் காத்து. கரிமூட்டம் போடுற வாடை அடிச்சாக்கூட நல்லாருக்கும்னு தோணுது. இருமிக்கிட்டே திட்டுவேன்ல, அத. வந்துரணும் போல இருக்குமா. ஆனா வர மாட்டேன். கடன் முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. முடிச்சுட்டு வரேன்.”

பின்னால் கதவின் போட்டோ. துருப்பிடித்த இரும்புக் கதவு. தாழ்ப்பாள் திறந்து, கதவிடுக்கில் வானம் தெரிந்தது.

பெரியம்மா மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டது. மூன்றாவது தடவை, “சாப்பிடல” என்ற இடத்தில் தலையாட்டியது. பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தது. அன்று காலையிலிருந்து எத்தனை பேர் எத்தனை விதமாக ‘கவலைப்படாதே’ என்று சொன்னோம்! அவன் சாப்பிடவில்லை, தூக்கம் வராது, வீட்டு நெனப்பாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான், ‘பூட்டு இல்ல’ என்று சொன்னதையும் அது நம்பியது. “இதான் எம்புள்ள பேச்சு” என்றது அடுப்பை ஊதிக்கொண்டே.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மதியமே இப்படிப் பேசியிருக்கலாமே! அப்புறம் யோசித்தால், பக்கத்தில் ஃபோர்மேனை வைத்துக்கொண்டு எவன் ‘அழுகையா வருதும்மா’ என்பான்? அங்கிருந்து அனுப்புகிற பணத்தில் கடன் அடைகிறது என்பதால், அங்கே இருப்பவன் வருத்தப்படுவதையே இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊருக்கு வந்தால் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும்தான் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அங்கே இறக்கப்பட்ட 31 பேரில் 23 பேர் கேரளம், ஏழு பேர் தமிழ்நாடு, ஒருவர் கர்நாடகம். அந்தச் செய்தியையும் நான்தான் அப்டேட் செய்தேன். ஏழு பெயர்களையும் இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். அந்த ஏழு வீட்டிலும் புதன்கிழமை மதியம் யாரோ ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

புதன் ராத்திரிக்கே திரும்ப வருகிறேன். சோறு ஆன பிறகு, “பதில் பேசுங்க பெரியம்மா” என்று மைக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நிறைய பேசும் என்று நினைத்தேன். போனை வாயருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. கொட்டகையில் குட்டி ஒன்று கத்தியது, அதுவும் பதிவானது. பிறகு சொன்னது:

“ஐயா... நாளைக்கும் அந்தக் கதவப் போய்ப் பாத்துக்க. யாராச்சும் பூட்டப் போட்ருப்பாக.”