யார் பெயருக்கு எழுதுவது?

அக்கா மகள் கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. விளம்பரத்தில் careers@ என்று தொடங்கும் முகவரி மட்டும்தான். அதனால் ‘டியர் சார் / மேடம்’ என்று ஆரம்பித்திருந்தாள். “யாருன்னே தெரியலையே மாமா, வேற என்னன்னு போடறது?”

நான் முதலில் பார்ப்பது @ குறிக்குப் பின்னால் இருப்பதை. அங்கே கம்பெனியின் பெயர் இருந்தால் அதுவே அநேகமாக அவர்களுடைய இணையதளம். வேறு பெயர் இருந்தால் கடிதத்தைப் பிரிப்பவர் கன்சல்டன்சிக்காரராக இருக்கலாம். கம்பெனிக்குள் பெயர் தேடிப் பயனில்லை. இவளுடையது கம்பெனி முகவரிதான். ஆனால் தளத்தில் எம்.டி., டைரக்டர்கள் படங்கள் மட்டுமே இருந்தன. எம்.டி.க்கே எழுதிவிடலாமே என்றாள். அசிஸ்டென்ட் வேலைக்கு அவர் ஆள் எடுப்பதில்லை.

விளம்பரத்தை மறுபடி படித்தோம். ‘அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் கீழ்’ என்று கடைசி வரியில் இருந்தது. இந்த மாதிரி வரி இருந்தால் அந்த மேனேஜர் பெயருக்கே எழுதலாம், இல்லாவிட்டால் எச்.ஆர். பெயருக்கு. லிங்க்ட்இனில் கம்பெனி பக்கத்தில் வேலை செய்பவர்கள் பட்டியலைத் தேடினாள். அதே பதவியில் இருவர் வந்தார்கள். ஒருவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகப் பதிவே போட்டிருந்தார், பழைய பதவியை மட்டும் திருத்தவில்லை. மற்றவர் இன்னும் இருக்கிறாரா என்பதற்கும் உறுதியில்லை.

இதற்குப் போனைப் போன்ற வழி கிடையாது. “எச்.ஆர். கிட்டப் பேசணும்” என்றால் ரிசப்ஷனில் “மெயில் அனுப்புங்க” என்று வைத்துவிடுவார்கள். கேட்பது சின்னதாக இருக்கவேண்டும். “அக்கவுண்ட்ஸ் வேலைக்கு லெட்டர் அனுப்பணுங்க. மேனேஜர் பேரும் ஸ்பெல்லிங்கும் சொன்னீங்கன்னா போதும்” என்றாள். உடனே சொன்னார்கள். ஜோதி, மணி போல இருபாலருக்கும் வைக்கிற பெயர். “சாருங்களா, மேடங்களா?” என்றும் கேட்டுக்கொண்டாள். “மேடம்ங்க.” லிங்க்ட்இனில் கிடைத்த இரண்டாமவர் பெயரும் அதுதான், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது. போனில் சொன்னதையே வைத்துக்கொண்டோம்.

பெயர் கிடைத்ததும் அவருடைய சொந்த மெயிலை ஊகித்து நேரே அனுப்பத் தோன்றும். வேண்டாம் என்றேன். சொன்ன முகவரிக்கு வராத விண்ணப்பம் அவர்கள் கணக்கிலேயே ஏறாமல் போகலாம். கடிதத்தில் மேனேஜர் பெயர், மெயில் போவது careers@ முகவரிக்கு. சப்ஜெக்டில் பதவியும் விளம்பரத்தில் இருந்த எண்ணும்.

ரிசப்ஷனில் பெயர் சொல்ல மறுத்திருந்தால்? ‘டியர் ஹயரிங் மேனேஜர்’ என்று போடச் சொல்லியிருப்பேன். போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் பெயரைப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். அரசு வேலைக்கு இந்த அலைச்சலே இல்லை. அறிவிப்பில் இருக்கும் பதவிப் பெயருக்கு எழுதினால் போதும், நாற்காலியில் யார் இருந்தாலும் சரி.